புதுப்பிப்பு: துடிப்பு குறைந்தும் பளு ஏறாத விவகாரம்

முன்பு கேட்டது: "கலோரியைக் குறைத்ததிலிருந்து காலையில் இதயத் துடிப்பு 58-லிருந்து 51 ஆகிவிட்டது. உடல் நன்றாக ஓய்வெடுத்துவிட்டது என்று வாட்ச் பச்சை காட்டுகிறது, ஆனால் பயிற்சியில் வழக்கமான பளுவையே தூக்க முடியவில்லை. எதை நம்புவது?"

உடற்தகுதி கூடினால் துடிப்பு குறையும் என்று ஒருவர் சொன்னது பாதி சரி. அப்படியானால் பளுவும் ஏறியிருக்க வேண்டுமே! பயிற்சியாளர் ஒருவர் சொன்னதுதான் பொருந்தியது: சாப்பாடு குறைந்தால் உடல் ஆற்றல் செலவைச் சுருக்கும், துடிப்பும் இறங்கும். வாட்ச் அதை நல்ல ஓய்வு என்று எடுத்துக்கொள்கிறது.

அவர் யோசனைப்படி ஒரு வாரம் போல எடை குறையாத அளவுக்குச் சாப்பிட்டேன், கூட்டியது பெரும்பாலும் மாவுச்சத்து. துடிப்பு 55-க்கு ஏறியது, கைகால் சில்லிப்பு போனது, பழைய பளுவும் வந்தது.

இப்போது தூக்கம், தசைவலி, பயிற்சி ஆசை மூன்றுக்கும் நானே மதிப்பெண் போட்ட பிறகுதான் வாட்சைப் பார்க்கிறேன். பளு திரும்பியது உடல் தேறியதாலா, மாவுச்சத்திலிருந்து தசையில் சேமிப்பாகும் கிளைகோஜன் நிரம்பியதாலா என்று மட்டும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.