துடைத்த பிறகுதான் நாற்றம் கூடுகிறது: உங்கள் வீட்டிலும் உண்டா?

வேளச்சேரி மருமகள்: மாமனாருக்கு எண்பது வயது; நின்றபடிதான் சிறுநீர் கழிப்பார். தினமும் கழிப்பறையில் பினாயில் ஊற்றித் துடைப்பேன். அரை மணி நேரம் எலுமிச்சை வாசனை, அப்புறம் பழைய நெடி. துடைத்த பிறகுதான் அதிகம் வீசும். ஒருநாள் கழிப்பறைப் பீங்கானின் அடியைச் சுற்றி உலர்ந்த காகிதத் துண்டுகளை ஒற்றி ஒற்றி முகர்ந்தேன். முன்பக்கக் காகிதம் மட்டும் மஞ்சளாக வந்தது. அங்கே வெள்ளை சிமென்டில் நூலளவு விரிசல். இனி என்ன செய்வது?

தாம்பரம் 47: இதற்கா கவலை? பிளீச்சிங் பவுடரைத் தூவி மேலே ஆசிட் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் பத்து வருடமாக இதுதான்.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்: ஐயா, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. ஆசிட் தனியாகவும் டைல்ஸ் இடுக்குச் சிமென்டை அரிக்கும். அரித்த இடம் இன்னும் அதிகமாகச் சிறுநீரைக் குடிக்கும்.

அம்மா, காய்ந்த உப்பு இடுக்கில் படிந்து கிடக்கிறது. துடைக்கும் தண்ணீர் பட்டதும் அது ஊறி நெடியை விடுகிறது. அந்த விரிசல் விழுந்த சிமென்டைச் சுரண்டி எடுங்கள். வளர்ப்புப் பிராணிகளுக்கான கடையில் சிறுநீர்க் கறைக்கென்று என்சைம் திரவம் விற்பார்கள். முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், பினாயில் மிச்சம் இருந்தால் என்சைம் வேலை செய்யாது. பிறகு திரவத்தில் நனைத்த துணியை அடியைச் சுற்றிப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுக்க விடுங்கள். தெளித்த உடனே துடைத்தால் காசு வீண்.

பெரம்பூர் பாலா: கும்பகோணம் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் எங்கள் குளியலறையும் நாறும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

வாத்தியார்: அது வேறு. தரையிலுள்ள டிராப்பில் நின்ற தண்ணீர் வற்றியதால் வரும் சாக்கடை வாடை.

வேளச்சேரி மருமகள்: செய்துவிட்டேன். விரிசல் சிமென்டைத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் நோண்டியபோது உள்ளே ஈர வெல்லம் போலப் பழுப்பாக இருந்தது, குமட்டிவிட்டது. இரண்டு இரவுகள் திரவத் துணி, இரண்டு நாள் உலர விட்டது, பிறகு அடியைச் சுற்றிச் சிலிகோன் பசை. பின்பக்கம் இரண்டு விரல் அகலம் அடைக்க வேண்டாம் என்றார் பிளம்பர். உள்ளே கசிந்தால் அங்கேதான் தெரியுமாம். இருக்கைப் பலகையின் திருகு மூடிக்கு அடியிலும் அதே பழுப்பு! அதை யாரும் சொல்லவில்லையே.

இப்போது காகிதத்தில் மஞ்சள் இல்லை. ஆனால் ஒரு டைல்ஸ் இடுக்கு மட்டும் ஈரம் பட்டால் லேசாக நெடி விடுகிறது. பெயர்த்துவிட்டு எபாக்ஸி போடலாமா?

வாத்தியார்: இன்னொரு இரவு துணி போட்டுப் பாருங்கள். அப்புறமும் வந்தால் நெடி டைல்ஸுக்கு அடியில் இறங்கியிருக்கலாம். அப்படியானால் மேலே எபாக்ஸி போட்டும் பயனில்லை.

தாம்பரம் 47: எபாக்ஸியே போடுங்கள். ஆசிட்டை நான் நிறுத்திவிட்டேன், மனைவியின் உத்தரவு.