சுழற்சிப் பங்கு, பாதுகாப்புப் பங்கு: வேறு சொல் உண்டா?

நித்யா எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாகப் பங்குச் சந்தைக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'சைக்ளிகல் ஸ்டாக்', 'டிஃபென்சிவ் ஸ்டாக்' இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். 'சுழற்சிப் பங்கு', 'பாதுகாப்புப் பங்கு' என்று போட்டிருந்தேன். வரைவைப் படித்த ஒருவர், "பாதுகாப்புப் பங்கு என்றால் எச்.ஏ.எல்., பாரத் எலெக்ட்ரானிக்ஸ்தானே? அதற்கு ஏன் சோப்பு கம்பெனியை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்திரிகைகள் போர் விமானம் செய்யும் கம்பெனிகளைத்தான் பாதுகாப்புத் துறைப் பங்கு என்கின்றன.

பொருளாதாரம் மந்தமாகும்போது சைக்ளிகல் ஏன் விழுகிறது, டிஃபென்சிவ் ஏன் தாங்குகிறது என்பது சொல்லிலேயே கொஞ்சமாவது தெரிய வேண்டும். உங்கள் யோசனை என்ன?

குமரேசன் எழுதியது:

நித்யா, இதில் குழப்பமே இல்லை. 'ஏற்ற இறக்கப் பங்கு', 'நிதானப் பங்கு' என்று வைத்துவிடுங்கள். சந்தை ஆடுவதோடு ஒப்பிட்டால் ஒரு பங்கு எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் எண்தான் பீட்டா. அது 1க்கு மேல் இருந்தால் முதல் வகை, கீழே இருந்தால் இரண்டாவது. எந்த இணையதளத்திலும் பீட்டா கிடைக்கும். படிப்பவர் தானே பார்த்துக்கொள்வார்.

வசந்தா எழுதியது:

குமரேசன் சொல்வதில் பாதி சரி. சந்தையில் சுழற்சிப் பங்குகளுக்குப் பெரும்பாலும் பீட்டா கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் பீட்டா விலையை அளக்கிறது. நாம் பெயர் தேடுவது தொழிலின் குணத்துக்கு. வாங்கி விற்க ஆளில்லாத சின்ன கம்பெனிப் பங்குகூடத் தாறுமாறாக ஆடும். அதற்கும் பொருளாதார மந்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. 'ஏற்ற இறக்கம்' என்று வைத்தால் அதுவும் உள்ளே வந்துவிடும்.

தரகு நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் வாகனக் கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் லாரியை வைத்தே சொல்கிறேன்.

ஒரு ஊரில் 100 லாரிகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10 பழைய லாரிகள் கழிகின்றன. சரக்கு வரத்து 8 விழுக்காடு வளர்ந்தால் இன்னும் 8 லாரி தேவை. ஆக, அந்த வருடம் 18 புது லாரி விற்கும். அடுத்த வருடம் சரக்கு வளரவே இல்லை என்றால் 10 போதும். சரக்கு 5 விழுக்காடு குறைந்துவிட்டால் 5 லாரி வாங்கினால் போதும். ஓடுகிற சரக்கு குறைந்தது இருபதில் ஒரு பங்குதான். லாரி விற்பனையோ 18லிருந்து 5க்கு வந்துவிட்டது. போதாததற்கு, கழிக்க வேண்டிய பழைய வண்டியை உரிமையாளர் இன்னும் ஒரு வருடம் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த 5கூட விற்காது.

2019இல் நடந்தது ஏறக்குறைய இதுதான். 2018 ஜூலையில் லாரிகளின் அனுமதிக்கப்பட்ட எடையை அரசு உயர்த்தியது. இருக்கிற வண்டிகளே கூடுதலாக ஏற்றிக்கொண்டன. அந்த செப்டம்பரில் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனமான ஐ.எல்.&எஃப்.எஸ். தவணை கட்டத் தவறியதும், வண்டிக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களின் கை இறுகியது. அப்புறம் சரக்கும் மந்தமானது. 2019-20இல் நடுத்தர, கனரக வாகன விற்பனை நாடு முழுக்க 40 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அசோக் லேலண்ட் 2019 செப்டம்பரில் எண்ணூர் ஆலைக்கு 16 நாள், ஓசூருக்கு 5 நாள் உற்பத்தி இல்லை என்று பங்குச் சந்தைக்கே அறிவித்தது.

லேலண்டின் வருமானம் 2018-19இல் சுமார் 29,000 கோடி ரூபாய். அடுத்த வருடம் சுமார் 17,500 கோடி. 40 விழுக்காடு சரிவு. லாபமோ 1,983 கோடியிலிருந்து சுமார் 240 கோடிக்கு இறங்கியது, அதாவது 88 விழுக்காடு சரிவு. ஆலை நின்றாலும் தேய்மானம் நிற்காது, நிரந்தர ஊழியர் சம்பளம் நிற்காது, வட்டி நிற்காது. வாங்குபவர் தள்ளிப்போடுவது ஒன்று, செலவு இறங்க மறுப்பது ஒன்று. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இந்த வகைப் பங்கு பிறக்கிறது.

முருகேசன் எழுதியது:

அம்மா, நான் ஓசூர்க்காரன். வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிற சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. நீங்கள் சொல்கிற அந்த 2019 எங்களுக்கு ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. மாதா மாதம் வருகிற ஷெட்யூலில் எண்ணிக்கையைக் குறைப்பார்கள், பிறகு வாரத்துக்கு வாரம் திருத்துவார்கள், கடைசியில் 'எடுத்து வராதீர்கள், இங்கே ஸ்டாக் இருக்கிறது' என்பார்கள். ஒரு வாடிக்கையாளர் 45 நாளில் தர வேண்டிய பணத்தை ஐந்து மாதம் இழுத்தார். செய்தித்தாளில் மந்தம் என்று வந்தபோது இரண்டாவது ஷிப்டை எப்போதோ நிறுத்தியிருந்தோம்.

என் கேள்வி வேறு. எங்கள் பக்கம் பலருக்குச் சம்பளமும் வண்டியிலிருந்துதான் வருகிறது, சேமிப்பும் வண்டிக் கம்பெனிப் பங்கில்தான் கிடக்கிறது, தெரிந்த தொழில் என்பதால். இரண்டும் ஒரே மாதத்தில் விழுந்தால் என்ன செய்வது? கையேட்டில் இதையும் எழுதுவீர்களா?

பெயர் விஷயம் எனக்குத் தெரியாது. நாங்கள் 'தள்ளிப்போடுகிற சரக்கு', 'தள்ளிப்போட முடியாத சரக்கு' என்றுதான் பேசிக்கொள்வோம்.

நித்யா எழுதியது:

முருகேசன் அண்ணா, அதைக் கட்டாயம் எழுதுகிறேன். வண்டித் தொழிலில் சம்பளம் வாங்குபவர் எண்ணெய், சோப்பு, மருந்துப் பக்கம் சேமிப்பை வைப்பதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குக் கிடைத்திருக்காது.

'தள்ளிப்போடு' என்பது நன்றாக இருக்கிறது. ஆனால் 'தள்ளிப்போடு பங்கு' என்றால், பங்கு வாங்குவதையே தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்ளக்கூடும்.

குமரேசன் எழுதியது:

வசந்தா அம்மா சொன்னதைச் சரிபார்க்க லேலண்ட் சார்ட்டைப் போட்டுப் பார்த்தேன். 2018 மே மாதத்தில் 80 ரூபாய்ச் சொச்சம், 2020 மார்ச்சில் 20க்கும் கீழே. ஆனால் அப்போதைய செய்திகளில் 160 என்று இருக்கிறதே? இன்னொன்று, 2019 மார்ச்சில் பி.இ., அதாவது விலை ஒரு பங்கின் வருட லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு, வெறும் 13. மலிவாகத்தானே இருந்தது? அப்போது வாங்கியவர் ஏன் மாட்டிக்கொண்டார்?

வசந்தா எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில், 2025 ஜூலையில் வந்த ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் இருந்த ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம். சார்ட் பழைய விலைகளையும் பாதியாக்கிக் காட்டும். நான் போனஸுக்கு முந்தைய கணக்கிலேயே பேசுகிறேன்.

இரண்டாவதுதான் கையேட்டில் வர வேண்டிய விஷயம். 2019 மார்ச் இறுதியில் விலை சுமார் 90 ரூபாய். ஒரு பங்குக்கு லாபம் 6 ரூபாய் 75 காசு. பி.இ. 13. ஒரு வருடம் கழித்து விலை பாதிக்கும் கீழே, 43 ரூபாய் அளவில். லாபமோ 80 காசுக்கு வந்துவிட்டதால் பி.இ. 50ஐத் தாண்டியது. 2020-21இல் கம்பெனிக்கு 300 கோடிக்கு மேல் நட்டம், பி.இ. என்றே ஒன்று இல்லை. ஆனால் அந்த நட்ட வருடம் முடியும்போது பங்கின் விலை 110ஐத் தாண்டி நின்றது.

அதாவது, இந்த வகையில் மலிவாகத் தெரிந்தது லாபம் உச்சத்தில் இருந்தபோது. விலையேறியதாகத் தெரிந்தது தரைமட்டத்தில். லாபம் திரும்பும் வரை காத்திருந்தவருக்குப் பாதி ஏற்றம் கைவிட்டுப் போயிருக்கும். பி.இ.யை ஒரு வருட லாபத்தை வைத்துப் போடாமல், ஏழெட்டு வருடச் சராசரி லாபத்தை வைத்துப் போட்டால் இந்த ஏமாற்றம் குறையும்.

மறுபக்கம், இந்துஸ்தான் யூனிலீவர். அதே இரண்டு வருடங்களில் லாபம் 6,036 கோடியிலிருந்து 6,738 கோடிக்கு ஏறியது. இதில் ஒரு பகுதி 2019 செப்டம்பரில் வந்த கம்பெனி வரிக் குறைப்பால் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், விற்பனை அவ்வளவாக வளரவில்லை. ஆனால் சரியவும் இல்லை. கையில் பணம் குறைந்தால் ஆள் பெரிய பாக்கெட்டை விட்டு ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு இறங்குவார், துணி துவைக்காமல் இருக்க மாட்டார். பங்கு விலை 2019 மார்ச்சில் 1,700 அளவில் இருந்தது, சந்தையே இடிந்த 2020 மார்ச் இறுதியில் 2,300 அளவில் நின்றது.

இங்கேதான் 'பாதுகாப்பு' என்ற சொல்லும், அதற்கு மாற்றாக வரக்கூடிய 'தற்காப்பு'ம் எனக்கு உறுத்துகின்றன. பாதுகாப்பு அந்தத் தொழிலுக்குத்தான், வாங்கிய விலைக்கு இல்லை. 2021 செப்டம்பரில் இதே பங்கு 2,800ஐத் தாண்டியது. 2024 முடிவில் 2,350க்கும் கீழே இருந்தது. இடையில் லாபம் கூடிக்கொண்டுதான் போனது. எல்லோரும் பயத்தில் ஓடிவந்து கொடுத்த அதிக விலைக்கு அந்த மூன்று வருடம் பதில் சொன்னது.

அறவாழி எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான், பங்குச் சந்தை தெரியாது. பேச்சைக் கேட்டதில் எனக்குப் புரிந்தது, சுழல்வதும் நிலைப்பதும் பங்கு இல்லை, தேவை. அப்படியானால் 'சுழல்தேவைப் பங்கு', 'நிலைத்தேவைப் பங்கு' என்று வைக்கலாமே? இரண்டும் ஒரே வார்ப்பில் இருக்கும். பீரங்கியோடும் குழப்பம் வராது.

வசந்தா எழுதியது:

ஐயா, 'நிலைத்தேவை' எனக்குப் பிடித்திருக்கிறது. 'சுழல்தேவை'யில் ஒரு சிக்கல். எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். மந்தத்தில் எஃகின் தேவை சில விழுக்காடுதான் குறையும், விலைதான் அதளபாதாளத்துக்குப் போகும். டாடா ஸ்டீலை அடிப்பது தேவை மட்டும் இல்லை. அதேபோல் மருந்து நிலைத்தேவைதான், ஆனால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த நம் மருந்துக் கம்பெனிகள் 2015க்குப் பிறகு அங்கே விலை சரிந்ததால் சில வருடம் அடி வாங்கின. அது பொருளாதாரச் சுழற்சி இல்லை, அந்தத் தொழிலின் தனிப்பட்ட சிக்கல்.

நான் 'சுழல்தொழில் பங்கு' என்பேன். விலை, தேவை இரண்டும் அதில் அடங்கும்.

குமரேசன் எழுதியது:

ஒன்றில் தேவை, இன்னொன்றில் தொழில் என்றால் ஜோடி உடைகிறதே. எனக்கு இன்னும் 'சுழற்சிப் பங்கு'தான். நாலு பேருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். சரி, டயர் எந்தப் பக்கம்? அதை யாரும் சொல்லவில்லை.

முருகேசன் எழுதியது:

டயர் இரண்டு பக்கமும்தான் தம்பி. புது வண்டியோடு போகிற டயர் எங்கள் பாகம் மாதிரியே விழும். ஆனால் பழைய லாரி ஓடிக்கொண்டிருக்கும் வரை டயர் தேயும், மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டி ஓட்டம் குறைந்தால் அதுவும் கொஞ்சம் குறையும், தேய்ந்த டயருக்கே புது மேல்பட்டை ஒட்டித் தரும் ரீட்ரெடிங் கடைக்குப் போகிறவர்கள் கூடுவார்கள்.

நித்யா எழுதியது:

இப்போதைக்கு இப்படிப் போகிறேன். 'நிலைத்தேவைப் பங்கு' உறுதி, பாதுகாப்பும் தற்காப்பும் வெளியே. மற்றதற்கு 'சுழற்சிப் பங்கு' என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'பொருளாதாரச் சுழற்சியோடு ஏறி இறங்கும் தொழில்களின் பங்கு' என்று விரித்து எழுதுகிறேன். வசந்தா அம்மாவுக்கு இதில் திருப்தி இருக்காது என்று தெரியும், அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.

டயரை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. கம்பெனியின் விற்பனையில் புது வண்டிக்கு எவ்வளவு, மாற்று டயருக்கு எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் பார்க்கச் சொல்லி ஒரு பத்தி எழுதிவிட்டேன். அந்தப் பத்திக்கு முருகேசன் அண்ணாவின் லாரியைத்தான் உதாரணமாக வைத்திருக்கிறேன்.

வசந்தா எழுதியது:

திருப்தி இல்லைதான். அச்சுக்கு முன் எஃகுக்கும் ஒரு பத்தி எழுதி அனுப்புகிறேன், அதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.