பாக்ஸுக்குள் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்: எல்லாரும் கோல் லைனில் நின்றால் எப்படி அடிப்பது?

பள்ளிக்கூட_கோச்:
எங்கள் பசங்களுக்கு எதிரணி பாக்ஸுக்குள்ளேயே இன்டைரக்ட் கிடைத்தது. அவர்கள் டிஃபெண்டர் காலால் கொடுத்த பேக் பாஸை கீப்பர் கையால் எடுத்துவிட்டான். கோலிலிருந்து ஏழு மீட்டர் இருக்கும். எதிரணி மொத்தமும் இரண்டு போஸ்டுக்கு நடுவே கோல் லைனில் வரிசை கட்டி நின்றது. நாங்கள் ஒருவன் உருட்ட, அடுத்தவன் காலடியில் நிறுத்த, மூன்றாமவன் அடிப்பது என்று பழகியிருந்தோம். அவன் அடிப்பதற்குள் மூன்று பேர் மேலே விழுந்துவிட்டார்கள். எங்கே தப்பு? வரிசையை ரெஃப்ரி தள்ளி நிறுத்தியிருக்க வேண்டாமா?

டென்_நம்பர்:
கண்டிப்பா தள்ளியிருக்கணும் சார். சுவர் 9.15 மீட்டர் தள்ளி நிற்கணும், அதுதான் ரூல். ரெஃப்ரி கோட்டை விட்டுட்டார். இன்னொண்ணு, இந்த மாதிரி கிடைச்சா உருட்டவே வேண்டாம், நேரா கூட்டத்து மேல பலமா அடிங்க. யார் மேலயாவது பட்டு உள்ளே போனா கோல்தானே?

கொடி_பிடிப்பவர்:
தம்பி, பாதி சரி. 9.15 மீட்டர் ரூல் உண்டு. ஆனால் போஸ்டுகளுக்கு நடுவே தங்கள் கோல் லைனில் நிற்பவர்களுக்கு அதில் விலக்கு. பந்து ஏழு மீட்டரில் இருந்தால் அவர்கள் வேறெங்கே போய் நிற்பது, வலைக்குப் பின்னாலா? ரெஃப்ரி செய்தது சரி.

நேராக அடித்து ஒருவன் மேல் பட்டு உள்ளே போனால் கோல்தான். ஆனால் யார் மேலும் படாமல் வலையில் விழுந்தால் எதிரணிக்கு கோல் கிக். புத்திசாலிக் கீப்பர் தொடாமல் விட்டுவிடுவான். ரெஃப்ரி கையை உயர்த்திப் பிடித்திருப்பதே இதற்காகத்தான். இரண்டாமவர் தொடும் வரை அந்தக் கை இறங்காது.

கோச் சார், உங்கள் சிக்கல் நேரம்தான். பந்து தெளிவாக நகர்ந்த நொடியிலேயே ஆட்டம் தொடங்கிவிடும், வரிசை பாயலாம். ஒருவன் நின்ற இடத்திலிருந்து ஓடினாலும் ஒரு வினாடியில் மூன்று மீட்டர் வந்துவிடுவான். உருட்டு, நிறுத்து, அடி என்றால் அந்த வினாடி போய்விடும். வெளியே இருபது மீட்டரில் அது சரிப்படும், ஏழு மீட்டரில் ஆகாது.

இரண்டே பேர் போதும். அடிப்பவன் மூன்று எட்டு பின்னால் நிற்கட்டும். அவன் ஓட ஆரம்பித்து, கடைசி எட்டுக்கு வரும்போது தட்டுபவன் பந்தை ஒரு சாண் பின்னோக்கி நகர்த்தினால் போதும். முன்னால்தான் தட்ட வேண்டும் என்று எங்கும் இல்லை. நிறுத்தாமல் அப்படியே அடிக்க வேண்டும். இலக்கு உயரம். பார் 2.44 மீட்டர், நிற்பவன் தலை அதற்கு நன்றாகக் கீழே. தரையோடு அடித்தால் கால்களின் காட்டில்தான் சிக்கும்.

மணல்_திடல்:
எங்க ஊர்ல கீப்பர் பந்தை ரொம்ப நேரம் பிடிச்சு வச்சிருந்தான், ரெஃப்ரி இன்டைரக்ட் கொடுக்கல, கார்னர் கொடுத்தாரு. அது தப்புதானே?

கொடி_பிடிப்பவர்:
2025-26 சீசனிலிருந்து அது கார்னர்தான், எட்டு வினாடிக்கு மேல் பிடித்திருந்தால். இழையின் கேள்வி வேறு, அதனால் இத்துடன் விடுகிறேன்.

பள்ளிக்கூட_கோச்:
நன்றி சார். ரீபவுண்டுக்கு இரண்டு பேரைப் போஸ்ட் ஓரமாக நிறுத்தலாமா?

கொடி_பிடிப்பவர்:
அங்கேதான் பலர் மாட்டுவார்கள். தட்டும்போது வரிசை லைனில் இருப்பதால் உங்கள் ஆட்கள் ஆன்சைடு. ஆனால் அடிக்கும் தொடுகைக்கு ஆஃப்சைடு மறுபடி பார்க்கப்படும். அதற்குள் வரிசை பாய்ந்து வெளியே வந்திருந்தால் போஸ்ட் ஓரத்தில் நிற்பவன் ஆஃப்சைடு, அவன் ரீபவுண்டை உள்ளே தள்ளினால் செல்லாது. பந்துக்குப் பின்னால் நிறுத்துங்கள், அடித்ததும் ஓடட்டும். வரிசையோடு ஒட்டியும் நிற்கக் கூடாது. மூன்று பேருக்கு மேற்பட்டோ மூன்று பேராகவோ சுவர் இருந்தால் நம்மவர் ஒரு மீட்டராவது விலகி நிற்கணும், இல்லாவிட்டால் கிக் எதிரணிக்குப் போகும்.

டென்_நம்பர்:
வரிசை கட்ட விடாம டக்குனு எடுத்தா? 2010 சாம்பியன்ஸ் லீக்ல போர்ட்டோ, ஆர்சனலுக்கு எதிரா அப்படித்தான் பண்ணாங்க. கேம்ப்பெல் கொடுத்த பேக் பாஸை ஃபேபியான்ஸ்கி கையால எடுத்தார், ரூபன் மிக்கேல் சட்டுனு தட்ட, ஃபால்காவ் காலி கோல்ல போட்டார்.

கொடி_பிடிப்பவர்:
நல்ல உதாரணம். தூரம் கேட்காதவரை விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரெஃப்ரியிடம் "பத்து கஜம் தள்ளுங்க" என்று ஒருவன் கேட்டுவிட்டால் மட்டும் விசிலுக்கு நிற்க வேண்டும். நீங்களே கேட்டு அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மணல்_திடல்:
ஆனா தட்டுறதுக்கு முன்னாடியே அவனுங்க பாய்ஞ்சா? எங்க ரெஃப்ரிங்க யாரும் திரும்ப எடுக்கச் சொல்றதில்ல.

கொடி_பிடிப்பவர்:
ரூல்படி தடுத்துக் கெடுத்தால் திரும்ப எடுக்கணும். நடைமுறையில் ஆளுக்கு ஆள் மாறுது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறு யாராவது பாய்பவர்களை ஏமாற்றும் போலி ஓட்டம் முயன்றிருந்தால் சொல்லுங்கள்.