மூணு மாச கேரண்டியும் ஒரு மிக்ஸி ஜாரும்

பாளையங்கோட்டை, ரிப்பேர் கடை
சமாதானபுரம் பக்கம் சின்ன கடை வச்சிருக்கேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மட்டும்தான். போன வருஷம் வரைக்கும் பில் சீட்டுல "3 மாதம் கேரண்டி"ன்னு ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்துட்டு இருந்தேன். எதுக்கு உண்டு, எதுக்கு இல்லைன்னு ஒரு வரி கிடையாது. அந்த ஸ்டாம்பு படுத்தின பாட்டைச் சொல்லுதேன், உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

இட்லிப் பொடி இடிச்சு விக்கிற ஒரு அக்கா 750 வாட்ஸ் மிக்ஸி கொண்டு வந்தாங்க. காயில் கருகியிருந்தது. ஆர்மேச்சர், பீல்டு ரெண்டும் புதுசு போட்டு 950 ரூபாய் வாங்கினேன். அவங்க மோட்டாரை மட்டும்தான் பையில போட்டு எடுத்துட்டு வந்தாங்க, ஜார் வீட்டுல. கடையில கிடக்கிற ஜாரை மாட்டி ஓட்டிக் காட்டினேன், சும்மா கும்முனு ஓடுச்சு.

19-ம் நாள் கருகின வாடையோட திரும்பி வந்தது. கேரண்டியாச்சே, பேசாம மறுபடி போட்டுக் கொடுத்தேன். 26 நாள் கழிச்சு திரும்பவும் அதே. இந்த தடவை "ஜாரையும் கொண்டாங்கக்கா"ன்னேன்.

ஜாரைக் கவுத்து அடியில இருக்கிற கப்ளரை விரலால சுத்திப் பார்த்தேன். சுத்தவே மாட்டேங்குது, பல்லைக் கடிச்சுத் திருக வேண்டியிருந்தது. புஷ்ஷுக்குள்ள மிளகாப் பொடியும் உளுந்தும் ஏறி இறுகிப் போச்சு. கிளாம்ப் மீட்டர் போட்டேன். ஜார் இல்லாம 1.1 ஆம்பியர். அவங்க ஜாரை காலியா மாட்டினா 2.4. உள்ள ஒரு மிளகா கூடப் போடலை, பாத்துக்கிடுங்க. இதுல பருப்பும் போட்டு அரைச்சா காயில் என்ன செய்யும்?

இன்னொண்ணும் இருந்தது, சொல்ல கூச்சமாத்தான் இருக்கு. மிக்ஸிக்கு அடியில சிவப்பு பட்டன் இருக்கும்லா, ஓவர்லோடு. அதுக்குப் போற ரெண்டு வயரையும் எனக்கு முந்தி பார்த்த எவரோ முறுக்கி ஒண்ணாக்கி டேப் சுத்தி வச்சிருந்தார். ரெண்டு தடவை கழட்டியும் நான் அதைக் கவனிக்கலை. அது வேலை செஞ்சிருந்தா மோட்டார் நின்னிருக்கும், காயில் பிழைச்சிருக்கும். அதனால மூணாவது தடவையும் காயிலுக்குக் காசு வாங்கலை. ஜார் புஷ்ஷுக்கு மட்டும் 120 வாங்கினேன்.

அம்பாசமுத்திரம், 30 வருஷமா காயில் கட்டுறவர்
தம்பி, கருகின காயிலே சொல்லிருமே யார் தப்புன்னு. பீல்டுல ரெண்டு பக்கக் காயிலும் ஒண்ணு போல கருத்திருந்தா அது லோடு. ஒரு பக்கம் கரி, மறு பக்கம் புதுசு மாதிரி பளபளன்னு இருந்தா கட்டினதுல சுத்துக்குச் சுத்து ஒட்டிக்கிட்டு இருக்கு, அது நம்ம தப்பு, இல்லைன்னா காயில் வித்தவன் தப்பு. வாடிக்கையாளர் முன்னாலயே கழட்டிக் காட்டிரணும். கழட்டி வச்சுட்டு அப்புறமா கூப்பிட்டுக் காட்டினா எவரும் நம்ப மாட்டாங்க.

தண்ணி கேஸ் தனி. ஜார் புஷ்ஷுல கசிவு இருந்தா சட்னித் தண்ணி கப்ளர் வழியா இறங்கி மேல் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பேரிங்கைச் சுத்தி பழுப்பு வளையம் கண்டா அது காயில் கேரண்டியில வராது.

வள்ளியூர், எலக்ட்ரீஷியன்
அண்ணாச்சி, இது எல்லாம் லோ வோல்டேஜ் பண்ற வேலை. எங்க பக்கம் சாயந்திரம் 170 தான் வரும். "வோல்டேஜ் கோளாறுக்கு கேரண்டி இல்லை"ன்னு ஒரு வரி போட்டிருங்க, பிரச்சினை தீர்ந்துச்சு.

அம்பாசமுத்திரம்
தண்ணி மோட்டாருக்கும் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்கும் நீங்க சொல்லுறது சரி. வோல்டேஜ் இறங்கினா அது கூடக் கரண்டு இழுத்து சூடாகும். மிக்ஸி மோட்டார் வேற ஜாதி. வோல்டேஜ் குறைஞ்சா வேகம் குறைஞ்சு முக்கிட்டு ஓடும், அவ்வளவுதான். லேசான லோடுல அதுக்காக மட்டும் எரியாது. ஆனா நீங்க சொல்லுறதுல ஒண்ணு உண்டு, வேகம் குறைஞ்சதால பொடி அரைபடலைன்னு பத்து நிமிஷம் நிறுத்தாம ஓட்டுவாங்க. அதுல போகும்.

தென்காசி
எங்க ஃபிரிட்ஜுக்கு கம்பெனி கேரண்டி இன்னும் 4 வருஷம் இருக்கு. ஸ்டெபிலைசர் இல்லாம ஓட்டுறோம். கேரண்டி செல்லுமா செல்லாதா?

பாளையங்கோட்டை, ரிப்பேர் கடை
அது கம்பெனி அட்டையில எழுதியிருக்கும் அண்ணாச்சி, அதை எடுத்து வாசிங்க. கம்ப்ரஸருக்கு ஒரு கணக்கு, மத்த பாகத்துக்கு ஒரு கணக்குன்னு பிரிச்சிருப்பாங்க. நான் பேசுறது கடைக்காரன் கொடுக்கிற கேரண்டி.

திருநெல்வேலி டவுன், வாடிக்கையாளர்
நீங்க எல்லாரும் கடைப் பக்கமே நின்னு பேசுறீங்க. போன தடவை எங்க மிக்ஸியைக் கொடுத்த கடையில ஸ்க்ரூ மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாங்க, "கிழிஞ்சா கேரண்டி இல்லை"ன்னு. ஈரத் துணியால துடைச்சதுல அது தானா உரிஞ்சு வந்துட்டு. "நீங்க வெளியில கொடுத்துக் கழட்டியிருக்கீங்க"ன்னு சொல்லிட்டாங்க. பழைய காயிலைக் கேட்டேன், அதையும் தரலை. மாத்தினாங்களா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அம்பாசமுத்திரம்
அம்மா கேக்குறது நியாயம். மிக்ஸிக்கு ஸ்டிக்கர் ஆகாது. நான் ஸ்க்ரூ தலையில நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பேன். திருகினா தவிர விரிசல் விடாது. பழைய காயிலைப் பையில போட்டு மிக்ஸியோட கொடுத்திருவேன், வேண்டாம்னு சொல்லுறவங்க விட்டுட்டுப் போகட்டும்.

மேலப்பாளையம், ரிப்பேர் கடை
நான் 15 நாள்தான் கொடுக்கேன். 2011-ல இருந்து அரசு கொடுத்த இலவச மிக்ஸி இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. பாடியெல்லாம் நொறுங்கிப் போச்சு, அதுக்குப் போய் மூணு மாசம் எழுதினா நான் கடையை மூட வேண்டியதுதான். ஆனா "எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டோம்"னு சீட்டுல அடிக்கிறதும் வீண். ரிப்பேரும் சேவைதான், வேலையில குறைன்னா நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். நம்ம ஸ்டாம்பு அங்க காப்பாத்தாது. போட்ட பாகம் எது, எந்தத் தேதி, வரும்போது என்ன கோளாறு, இதை எழுதி வச்சாத்தான் பேச வாய் இருக்கும்.

பாளையங்கோட்டை, ரிப்பேர் கடை
15 நாள் ரொம்பக் கம்மின்னு எனக்குப் படுது. காயில் கட்டினதுல குறை இருந்தா மொத மாசத்துல காட்டிரும், அதனால மாசம் ஒண்ணாவது வேணும். நான் இப்போ மிக்ஸி காயிலுக்கு மூணு மாசத்தை அப்படியே வச்சுட்டேன், ஆனா மாட்டின பாகத்துக்கு மட்டும். கேரண்டியில திரும்பப் போட்டா தேதி புதுசா ஆரம்பிக்காது, முதல் தேதியிலிருந்தே கணக்கு. கடைசி ரிப்பேருக்கு அப்புறம் ஒரு மாசமாவது மிச்சம் இருக்கும்படி பாத்துக்கிடுவேன். அந்த அக்காவுக்கு ஸ்டாம்பு குத்திக் குத்தி நான் நாலரை மாசம் கொடுத்த மாதிரி ஆயிட்டு.

இப்போ ஜார் இல்லாம மிக்ஸி வாங்குறதில்லை. ரெண்டு ஜார் இருந்தா ரெண்டும் வரணும். ஜார் இல்லாமலும் ஜாரோடயும் எத்தனை ஆம்பியர்னு சீட்டுலயே எழுதி அவங்ககிட்டயே காட்டிருவேன். ஓவர்லோடு வயர் முறுக்கியிருந்தா சரி பண்ணாம வெளிய விடுறதில்லை.

வியாபாரத்துக்கு ஓட்டுற வீட்டு மிக்ஸிக்கு என்ன செய்யன்னு மட்டும் பிடிபடலை. "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்"னு ஒரு வரி சேர்த்து அந்த அக்காகிட்ட காட்டினேன். வாசிச்சுட்டு, "நான் பொடி விக்கிறது உனக்குத் தெரியாதா தம்பி? போன மாசம் உன் வீட்டுக்கே கால் கிலோ வாங்கிட்டுப் போனியே"ன்னாங்க. அவங்க சீட்டுல மட்டும் அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சுட்டேன்.

மேலப்பாளையம், ரிப்பேர் கடை
அடிச்சீங்கல்லா, நாளைக்கு டீக்கடைக்காரர் வந்து நிப்பார் பாருங்க.