புதுப்பிப்பு: தடைக்காலக் கூட்டத்துக்கு எழுதுன பேச்சு

முன்னாடி கேட்டது: "மண்டபத்துல மீனவர் கூட்டத்துல பேசணும், எழுதி வச்சது படிக்க நல்லாருக்கு, வாயில வர மாட்டேங்குது, என்ன பண்ண?"

மேடை நாடகம் போடுற பாம்பன் அண்ணன் ஒருத்தர் ஒரே வாக்கியத்தை எடுத்து பிரிச்சாரு.

பேப்பர்ல: "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வருமானமின்றித் தவிக்கும் விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்கப்படும் நிவாரணத்தொகை உயர்த்தப்பட வேண்டும்."

வினை கடைசில வருது, அதுவரைக்கும் கேக்குறவன் எல்லாத்தையும் மண்டைல சுமக்கணும், அதோட "உயர்த்தப்பட"ன்னா யாரு உயர்த்தணும்னே இல்லன்னாரு.

இப்ப: "ஏப்ரல் 15ல படகைக் கட்டுறோம். ஜூன் 14 வரைக்கும் கடலுக்குப் போக முடியாது. 61 நாள்! கூலிக்குப் போறவன் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? அரசாங்கம் குடுக்குறது பத்தல. கூட்டிக் குடுங்க."

61க்கு அப்புறம் ஒரு மூச்சு நிறுத்தணுமாம், போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா எங்க மூச்சு வாங்குதுன்னு தெரியுது, அங்கதான் வெட்டணும்.

முழுசா பேச்சுத்தமிழா மாத்துன்னு சொன்ன தம்பி, பாதி சரி. அதிகாரிகிட்ட வைக்கிற கோரிக்கையை மட்டும் எழுத்துத்தமிழ்லயே விட்டிருக்கேன், அண்ணனுக்கு அதுல உடன்பாடு இல்ல. மைக் எக்கோ அடிக்குதுன்னு கேட்ட கீழக்கரை நண்பா, அது வேற கதை, சவுண்ட் சர்வீஸ்காரரைப் பிடிங்க.