3 மி.மீ. தகடு வளைவில் வெடிக்கிறது, எந்த வி டை போடணும்?

பேட்டை பட்டறை
அவசரம். 3 மி.மீ. தகட்டை 90 டிகிரிக்கு வளைத்தால் வெளிப்பக்கம் வளைவு நெடுகக் கீறல் விட்டு வெடிக்கிறது. மொத்தம் நாற்பது பீஸ், அதில் பதினொன்று போச்சு. டை வாய் 16 மி.மீ. உள்ள வி போட்டிருக்கிறேன். படத்தில் உள் ரேடியஸ் 3 என்று இருக்கிறது, அதற்காக 1 ரேடியஸ் பஞ்சைக் கழற்றி 3 ரேடியஸ் பஞ்ச் மாட்டியும் பார்த்தாச்சு, அதே கதைதான். நாளைச் சாயங்காலம் பார்ட்டி வண்டியோடு வந்து நிற்பார். எந்த வி சரியாக வரும் என்று யாராவது சொல்லுங்கள்.

ஆலங்குளம் ஃபிட்டர்
என்ன தகடு அண்ணாச்சி? எம்.எஸ்.ஸா, எஸ்.எஸ்.ஸா? மடிப்பு உயரம் எவ்வளவு? அது தெரியாமல் வி எப்படிச் சொல்ல?

மேலப்பாளையம் பிரஸ்
இதில் கேட்க என்ன இருக்கிறது. தடிமனை எட்டால் பெருக்கு, 24 வருகிறது. 16 வியில் 3 மி.மீ.யை அமுக்கினால் வெடிக்காமல் என்ன செய்யும். முப்பது வருஷமாக இந்த ஒரு கணக்கில்தான் ஓட்டுகிறேன். இப்போதெல்லாம் மெஷினை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம்தான் பாடம் படிக்க வருகிறார்கள்.

அம்பை லேசர்
வெடிப்பு ஓரத்தில் தொடங்குகிறதா நடுவிலா? லேசரிலோ ஷியரிலோ வெட்டிய பிசிறு வெளிப்பக்கம் வந்தால் அங்கிருந்துதான் கிழியும். பிசிறு உள்பக்கம் வருகிறமாதிரி திருப்பிப் போட்டு, ஓரத்தை ஃபைலில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். எனக்குப் போன மாதம் இதேதான்.

பேட்டை பட்டறை
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அலுமினியம். சோலார் பேனல் தாங்குகிற பிராக்கெட், யு மாதிரி இரண்டு வளைவு. நீளம் 300, மடிப்பு வெளியளவு 25. வெடிப்பு நடுவிலும் இருக்கிறது, பிசிறெல்லாம் தேய்த்தாயிற்று. டை நம்மிடம் இருப்பது நாலுபக்கக் கட்டை ஒன்றுதான்: 16, 22, 35, 50.

தாழையூத்து டூல்ரூம்
அலுமினியம் என்பது பாதி பதில்தான் தம்பி. தகட்டில் ஏதாவது அச்சடித்திருக்கிறதா? 5052 என்றா, 6061 என்றா, பின்னால் டி6, எச்32 என்று ஏதாவது? ரோலிங் கோடு வளைவுக்குக் குறுக்கே போகிறதா, வளைவோடு சேர்ந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

மேலப்பாளையம் பிரஸ்
அலுமினியம் எம்.எஸ்.ஸைவிட இளக்கம். அதற்கு 6 மடங்கே போதும். எதற்கு இந்த விசாரணை எல்லாம்.

பேட்டை பட்டறை
6061 டி6 என்று வரிசையாக அடித்திருக்கிறது. தகடு பார்ட்டி கொடுத்தது. கோடு வளைவோடு சேர்ந்துதான் ஓடுகிறது, தகட்டில் பீஸ் அதிகம் விழட்டும் என்று அப்படி அடுக்கினேன்.

தாழையூத்து டூல்ரூம்
நோய் அதுதான். எட்டு மடங்குக் கணக்கு தப்பில்லை, ஆனால் அது எம்.எஸ்.ஸுக்குப் பிறந்த கணக்கு. காற்றில் வளைக்கும்போது தகடு டையின் அடியைத் தொடுவதில்லை, அதனால் உள் ரேடியஸைப் பெரும்பாலும் பஞ்ச் முனை தீர்மானிப்பதில்லை, டையின் வாய்தான் தீர்மானிக்கிறது. எம்.எஸ்.ஸில் வாயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வரும், 304 எஸ்.எஸ்.ஸில் ஐந்தில் ஒரு பங்கு, அலுமினியத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. பஞ்ச் முனை அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் தகடு பஞ்சைப் பின்பற்றும்.

உங்கள் 16 வியில் தானாக வருவது 2 மி.மீ. வாக்கில்தான், தடிமனைவிடக் குறைவு. 3 ரேடியஸ் பஞ்ச் மாட்டியதும் 3 ஆயிற்று, அதாவது ஒரு தடிமன். எம்.எஸ். இதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். 6061 டி6 தாங்காது. 3 மி.மீ. தடிமனில் அதற்கு இரண்டரை மடங்காவது வேண்டும், 7.5 முதல் 9 வரை. படம் போட்டவர் எம்.எஸ். வேலைக்குப் பழகிய கையோடு 3 என்று எழுதியிருப்பார்.

அப்படியானால் உங்களிடம் இருப்பதில் 50 வி, அதோடு 8 ரேடியஸ் பஞ்ச். சிக்கல் இங்கேதான் வருகிறது. மடிப்பின் வெளியளவு டை வாயில் பத்தில் ஏழு பங்காவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓரம் டையின் தோளிலிருந்து வழுக்கி உள்ளே விழுந்துவிடும். 50க்கு 35 வேண்டும், உங்களிடம் 25தான். 35 விக்கே 24.5 ஆகிறது, திரும்பி வருகிற அளவுக்குக் கொஞ்சம் அதிகமாக அமுக்கும்போது அந்த அரை மில்லியும் காணாமல் போகும்.

கல்லிடை சீனி
50 வியில் மடிப்பு நிற்காது என்றால் 22 வியிலேயே 8 ரேடியஸ் பஞ்சைப் போட்டு அமுக்கலாமே அக்கா?

தாழையூத்து டூல்ரூம்
8 ரேடியஸ் பஞ்சின் அகலம் 16, இரண்டு பக்கமும் தகடு மூன்று மூன்றும் சேர்த்தால் 22. உங்கள் வாயே 22. அது வளைப்பதில்லை, ஆப்பு அடிப்பது. பக்கவாட்டில் தகடு தேயும், டன் ஏறும், 90 வரவும் வராது.

வண்ணாரப்பேட்டை வெல்டர்
இவ்வளவு யோசனை எதற்கு? கேஸ் டார்ச்சில் சூடு காட்டுங்கள். வளைக்கிற இடத்தில் துணி சோப்பால் கோடு போட்டு, பின்பக்கம் டார்ச் பிடித்து, சோப்பு கறுக்கிறவரை காட்டிவிட்டு ஆறவிடுங்கள். வெண்ணெய் மாதிரி வளையும். பஸ் பாடி வேலையில் இப்படித்தான் செய்வோம்.

ஆலங்குளம் ஃபிட்டர்
அது வேலைக்கு ஆகும் அண்ணாச்சி, நானும் செய்திருக்கிறேன்.

தாழையூத்து டூல்ரூம்
வளையும், பொய்யில்லை. ஆனால் டி6 என்று காசு கொடுத்து வாங்கியதே அந்த வலிமைக்காகத்தான். டி6இல் 276 மெகாபாஸ்கல் வரை இழுப்பைத் தாங்கி நிற்கிற தகடு, முழுக்க இளக்கினால் 55க்கு வந்துவிடும், அதுவும் சரியாக வளைவில். பஸ்ஸின் உள் தகட்டுக்குப் பரவாயில்லை. இது காற்றில் நிற்கிற பேனலுக்குக் கால். ஆடிக் காற்று நம் ஊரில் என்ன செய்யும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வண்ணாரப்பேட்டை வெல்டர்
பத்து வருஷத்தில் நான் வளைத்த ஒன்றும் ஒடிந்ததில்லை அக்கா.

மேலப்பாளையம் பிரஸ்
ஒடிந்தது உமக்கு எப்படித் தெரியும் வே, பஸ் ஓனர் வந்து சொல்லுவாரா? சூடெல்லாம் பெண்டிங் இல்லை, கொல்லன் வேலை. என் பட்டறையில் டார்ச் உள்ளேயே வரக்கூடாது.

வண்ணாரப்பேட்டை வெல்டர்
அலுமினியத்துக்கு ஆறு மடங்கு போதும் என்றவர்தானே நீங்கள். ஆறு மூன்று பதினெட்டு. அவர் போட்டது 16. இரண்டு மில்லி கூட்டியிருந்தால் வெடிப்பு நின்றிருக்குமா அண்ணாச்சி?

மேலப்பாளையம் பிரஸ்
தகடு டி6 என்று முதலில் சொன்னாரா? சொல்லாமல் கேட்டால் இப்படித்தான் பதில் வரும்.

அல்வாக்கடை கவுண்டர் வேலை
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 304, 1.2 மி.மீ., 10 வியில் வளைக்கிறேன். வெடிப்பு இல்லை, ஆனால் மடிப்பின் வெளிப்பக்கம் வளைவுக்கு இருபுறமும் இரண்டு கோடு விழுகிறது. கடைக்காரர் கண்ணாடிமாதிரி வேண்டும் என்கிறார். ரேடியஸ் பெரிதாக்கினால் போகுமா?

தாழையூத்து டூல்ரூம்
அது ரேடியஸால் வருவதில்லை, டையின் தோள் தகட்டில் உரசுகிற தடம். உங்கள் 10 வி சரிதான், உள் ரேடியஸ் 2 வாக்கில் வரும், 304க்கு அது தாராளம். தகட்டின் பாதுகாப்பு ஃபிலிமை உரிக்காமலே வளையுங்கள், அப்படியும் விழுந்தால் டைமேல் யூரித்தேன் ஷீட் ஒன்றைப் போடுங்கள். தனி இழை தொடங்கினால் நல்லது, இவர் பாவம் நாளைக்கு வண்டி வருகிறது என்கிறார்.

பேட்டைத் தம்பிக்கு: இன்றைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று. போன பீஸிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள், ஒன்றில் வளைவு கோட்டுக்குக் குறுக்கே, ஒன்றில் கோட்டோடு. இரண்டையும் 35 வியில் போடுங்கள். உள்ளே 5க்குக் கொஞ்சம் குறைவாக வரும், தடிமனில் ஒன்றரை மடங்கு. கோட்டோடு போட்டது மறுபடி வெடிக்கும் என்றுதான் நினைக்கிறேன், குறுக்கே போட்டது தப்பினாலும் தப்பலாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஆரஞ்சுத் தோல்போல சொரசொரப்பாக இருந்தாலே அது வெடிப்பின் தொடக்கம், நல்லது என்று வண்டியில் ஏற்றிவிடாதீர்கள்.

பார்ட்டியிடம் இரண்டில் ஒன்று கேளுங்கள். 6061 டி6தான் வேண்டும் என்றால் மடிப்பை 36 ஆக்கி, உள் ரேடியஸை 8 என்று படத்தைத் திருத்தித் தரட்டும். மடிப்பு 25தான் வேண்டும் என்றால் தகட்டை 5052 எச்32க்கு மாற்றட்டும். அதை 22 வியில் குறுக்கே போட்டால் 3 ரேடியஸுக்குப் பெரும்பாலும் தாங்கும், முதல் பீஸைப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். ஆனால் 5052 வலிமையில் குறைவு, 276க்குப் பதில் 190 சுற்று. அது போதுமா என்பது அவர்கள் கணக்கு, நம்முடையது அல்ல.

அம்பை லேசர்
பெரிய ரேடியஸுக்குப் போனால் வெட்டின அளவும் மாறும், அதை மறக்கவேண்டாம். 3 ரேடியஸுக்கு வெட்டிய பிளாங்கை 5இல் வளைத்தால் வெளியளவு வளைவுக்கு ஒரு மில்லி அளவுக்குக் கூடிவிடும். 8 என்றால் இன்னும் அதிகம். மிச்சம் இருபத்தொன்பதும் ஏற்கெனவே வெட்டியாயிற்றா?

பேட்டை பட்டறை
வெட்டியாச்சு, எல்லாம் கோட்டோடுதான்.

ஆலங்குளம் ஃபிட்டர்
அப்படியானால் அந்த இருபத்தொன்பதும் காயலான் கடைக்குத்தான் அண்ணாச்சி. வேறு சின்ன வேலைக்கு எடுத்து வையுங்கள்.

மேலப்பாளையம் பிரஸ்
தகடு பார்ட்டி கொடுத்தது, ரேடியஸும் பார்ட்டி படத்தில் இருந்தது. நஷ்டத்தை நீ ஏன் சுமக்கணும்?

அம்பை லேசர்
அடுக்கினது இவர்தானே. கோட்டைப் பார்க்காமல் அடுக்கினதும் ஒரு காரணம்.

தாழையூத்து டூல்ரூம்
குறுக்கே அடுக்கியிருந்தாலும் 16 வியில் டி6 வெடித்திருக்கும். இதில் அவர் பங்கு கொஞ்சம்தான், ஆனால் பார்ட்டி அதை ஒத்துக்கொள்ளுவாரா என்பது வேறு.

பேட்டை பட்டறை
மறுநாள் ராத்திரி எழுதுகிறேன். 35 வியில் கோட்டோடு போட்டது வெடித்தது, முன்பைவிடக் குறைவு. குறுக்கே போட்டது வெடிக்கவில்லை, ஆனால் அக்கா சொன்ன தோல் மாதிரி சொரசொரப்பு இருந்தது. ஓரம் தோளில் ஏறி மடிப்பு ஒரு பக்கம் 24, ஒரு பக்கம் 25.5 என்று கோணலாக வந்தது. பார்ட்டி 5052 அனுப்புவதாகச் சொல்லிவிட்டார், வலிமையை அவர்கள் எஞ்சினியர் பார்த்துக்கொள்வாராம். பழைய தகட்டுக்குக் காசு யார் கொடுப்பது என்று இன்னும் பேச்சு முடியவில்லை. புதுத் தகடு வந்ததும் எழுதுகிறேன்.

கல்லிடை சீனி
மூன்று வாரம் ஆயிற்று அண்ணாச்சி, 22 வியில் 5052 வந்ததா இல்லையா?