வணிகக் கணிதம் படித்தால் பி.எஸ்சி. கணினி அறிவியல் கிடைக்குமா?

குடியாத்தம் பக்கம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்க அறிவியல், வணிகவியல், கலை மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கேரசல் செய்கிறேன். வணிகவியல் ஸ்லைடில் நிற்கிறேன்.

எந்த குரூப் எடுத்தால் எந்த வழி அடைபடும் என்பதுதான் ஒப்பீடு. பெற்றோர் கேட்பதும் அதைத்தான். கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகலாம். கட்ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. நீட்டுக்கு உயிரியல் வேண்டும். சி.ஏ. ஃபவுண்டேஷனை எந்த குரூப் பிள்ளையும் எழுதலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. கலை குரூப்பில் குழப்பம் இல்லை.

சிக்கல் இதுதான்: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு கணக்குப்பதிவியலும் பிடிக்கும், கம்ப்யூட்டரும் பிடிக்கும். வணிகக் கணிதம் உள்ள குரூப் எடுக்கலாமா என்று அவள் அப்பா கேட்கிறார். இரண்டு கல்லூரி அலுவலகங்களில் விசாரித்தேன். ஒன்றில் சேர்ப்போம் என்றார்கள், இன்னொன்றில் பொதுக் கணிதம்தான் வேண்டும் என்றார்கள். சீனியர்களைக் கேட்டால் பி.சி.ஏ. பற்றித்தான் சொல்கிறார்கள்.

பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்து, திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா, எந்தக் கல்லூரி, எந்த வருடம்?